கணக்கில் வராத அரசு விளம்பரம்

ஹங்கேரியில் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆளுங்கட்சி ஆதரவாளர்களின் கைக்குப் போனபோது, அதற்கு ஒரு நியாயம் அடிக்கடி சொல்லப்பட்டது. சுவீடன் அரசும் நாளிதழ்களுக்குப் பணம் தருகிறது, இத்தாலியிலும் பத்திரிகைகள் கட்சி சார்ந்தே வளர்ந்தன, ஹங்கேரியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பதே அந்த வாதம். இதற்கு இடம் கொடுத்தது, ஊடக ஆய்வில் இருபது ஆண்டுகளாகக் கோலோச்சும் ஒரு வகைப்பாடு.

டேனியல் ஹாலின், பாவ்லோ மன்சினி இருவரும் 2004-இல் வெளியிட்ட நூலில் 18 மேலை நாடுகளை மூன்று மாதிரிகளாகப் பிரித்தார்கள். பத்திரிகைச் சந்தையின் வளர்ச்சி, கட்சிச் சார்பு, இதழியலின் தொழில்முறைத் தரம், அரசின் பங்கு ஆகிய நான்கும் அவர்களுடைய அளவுகோல்கள். அமெரிக்க, பிரிட்டன் பத்திரிகை முறையே உலகுக்கெல்லாம் இலக்கணம் என்ற நம்பிக்கையை அந்த நூல் தளர்த்தியது. கட்சி சார்ந்த பத்திரிகைகளும் வலுவான மக்களாட்சியும் ஒரே நாட்டில் வாழ முடியும் என்பதை வட ஐரோப்பாவைக் கொண்டு காட்டியது. இந்த மாதிரிகளை மற்ற நாடுகளின்மேல் அப்படியே பொருத்தக்கூடாது என்று ஆசிரியர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள்.

கோளாறு நான்காவது அளவுகோலில் இருக்கிறது. ஊடகத்துக்குள் அரசு எவ்வளவு நுழைகிறது என்பதை அது காட்டுகிறது. எந்த வழியாக நுழைகிறது என்பதைக் காட்டுவதில்லை. சட்டப்படி ஆளும் அரசு வேறு, வேண்டியவர்களுக்குச் சலுகை தந்து ஆளும் அரசு வேறு என்று நூல் விரிவாகவே பேசுகிறது. ஆனால் அந்த வேறுபாட்டை அரசியல் சூழலின் பகுதியாக வைத்ததோடு விட்டுவிட்டது. ஐந்தாவது அளவுகோலாக ஆக்கவில்லை. நூலைச் சுருக்கி அட்டவணையாக்கிக் கையாளுகிறவர்களிடம் 'அரசின் பங்கு: அதிகம்' என்ற ஒரு வரிதான் போய்ச் சேர்கிறது.

அந்த ஒரு வரி எதை மறைக்கிறது என்பதற்கு இரண்டு நாளிதழ்களே போதும்.

ஸ்டாக்ஹோமின் 'ஸ்வென்ஸ்கா டாக்ப்ளாடெட்' வலதுசாரிக் கருத்துடைய பத்திரிகை. அந்நகரின் காலை நாளிதழ்களின் விற்பனையில் 'டாகென்ஸ் நீஹேட்டர்' நாளிதழுக்கு அடுத்த இடம். சுவீடன் 1970-களின் தொடக்கத்தில் நாளிதழ் உதவித்தொகையைக் கொண்டுவந்தபோது ஆட்சியில் இருந்தது சமூக ஜனநாயகக் கட்சி. ஒரு நாளிதழை அது வெளியாகும் பகுதியில் எத்தனை விழுக்காடு வீடுகள் வாங்குகின்றன என்று பார்த்தார்கள். அது குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் உதவி கிடைத்தது. தலையங்கம் யாரைத் தாக்குகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை. அதனால் அரசை எதிர்த்து எழுதிய 'ஸ்வென்ஸ்கா டாக்ப்ளாடெட்', அந்த அரசு வகுத்த திட்டத்திலேயே பெருந்தொகை பெற்றது.

புடாபெஸ்டின் 'மாகியார் நெம்செட்' 1938-இல் தொடங்கிய நாளிதழ். அதன் உரிமையாளராக இருந்த லாயோஷ் ஷிமிச்கா, அப்போது பிரதமராக இருந்த விக்டர் ஆர்பானின் பள்ளிக்கால நண்பர். நட்பு நீடித்தவரை அரசு விளம்பரம் தாராளமாக வந்தது. 2015 பிப்ரவரியில் இருவரும் வெளிப்படையாக முறித்துக்கொண்டார்கள். விளம்பரம் வற்றியது. அதே ஆண்டு தொடங்கிய ஆளுங்கட்சி ஆதரவு நாளிதழ் ஒன்றின் பக்கம் அரசுப் பணம் திரும்பியது. 2018 ஏப்ரலில் ஆர்பான் மீண்டும் தேர்தலில் வென்ற சில நாட்களில், பணமில்லை என்று சொல்லி 'மாகியார் நெம்செட்' கடையைக் கட்டியது. அடுத்த ஆண்டு அந்தப் பழைய பெயரையும் ஆளுங்கட்சி ஆதரவு நாளிதழே சூட்டிக்கொண்டது.

இரண்டு இடங்களிலும் பணம் அரசுடையதுதான். சுவீடனில் அதை விதி பங்கிட்டது, ஹங்கேரியில் ஆட்சியாளரின் விருப்பம் பங்கிட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். ஆசிரியரைக் கைது செய்யாமலும், தணிக்கை ஆணை போடாமலும், விளம்பரப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தே ஒரு நாளிதழின் கழுத்தை நெரிக்கலாம். இதைக் கண்டுகொள்ளாத வகைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆட்சியாளருக்கே உதவும்.

இந்த வகைப்பாட்டில் தமிழ்நாட்டை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசிக்கிறவர்கள் கட்சித் தொலைக்காட்சிகளைக் கண்டதும் மூன்று மாதிரிகளில் ஒன்றான தென் ஐரோப்பிய மாதிரியைக் கையில் எடுக்கிறார்கள். அது எளிது, ஆனால் போதாது. ஆட்சி மாறுவதற்கு முந்தைய ஆண்டும் பிந்தைய ஆண்டும் எந்த நாளிதழுக்கு எவ்வளவு அரசு விளம்பரம் போனது, விற்பனையில் அதன் பங்கு என்ன என்ற இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனை ஏறக்குறைய அப்படியே இருக்க விளம்பரம் மட்டும் இடம் மாறியிருந்தால், எந்த அட்டவணையும் தராத விடை அதில் கிடைக்கும். ஆய்வாளர்கள் அந்தப் பட்டியல்களை முதலில் கேட்டு வாங்கட்டும். மாதிரிக்குப் பெயர் சூட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.