எண் வரும்வரை பத்து மூட்டை

தெற்குக் கெடாவின் செர்டாங்கில் உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். பிறையில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் 50 கிலோ உர மூட்டை 60 கேட்கிறார்கள். லாரியில் 70 வந்து இறங்குகிறது. கிராணி டி.ஓ.வில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிச்சம் பத்தைத் திருப்பி அனுப்பப் போனால், "முதலில் அனுமதி எண் வாங்குங்கள், எண் இல்லாமல் கிடங்கில் எடுக்க மாட்டார்கள்" என்கிறது விற்பனைப் பிரிவு.

இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. டி.ஓ. 70 என்று சொல்கிறது. எண் இல்லாமல் பத்து மூட்டையை லாரி ஓட்டுநரிடமே ஏற்றிவிட்டால், வியாபாரியின் பதிவேட்டில் தோட்டம் 70 மூட்டை வாங்கியதாகவே நிற்கும். பிறகு இன்வாய்ஸும் 70-க்கு வந்தால், திரும்பிப் போனதற்குச் சான்று ஓட்டுநரின் ஞாபகம் மட்டும்தான். எண்ணோடு போன சரக்கை எந்த டி.ஓ.வைச் சேர்ந்தது என்று பார்த்துக் கிடங்கு இறக்கிக்கொள்ளும். கிரெடிட் நோட்டும் அந்த எண்ணைக் காட்டியே வரும். இன்வாய்ஸ் 60-க்கே வந்திருந்தால் கிரெடிட் நோட் தேவையில்லை. அப்போதும் வியாபாரியின் இருப்புக் கணக்கு நேராக இந்த எண் உதவும்.

குறை விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. வாங்கியவர் மனம் மாறித் திருப்புவதற்கும், விற்றவர் தவறி அதிகம் அனுப்பியதற்கும் பல இடங்களில் ஒரே படிவம்தான். காரணக் கட்டத்தில் "வேண்டாம்" என்று எழுதினால், மறுபடி அடுக்கும் கட்டணமும் லாரி வாடகையும் தோட்டத்தின் தலையில் விழலாம். மூட்டை 120 ரிங்கிட் என்று வைத்தால் பத்து மூட்டை 1,200. அதில் 15 சதவீதம் பிடித்தாலே 180 ரிங்கிட். இது அநியாயம். மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 37-ஆம் பிரிவில், அதிகமாக வந்ததை மறுக்கும் உரிமையைத் தருகிறது. மறுத்த சரக்கைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுப்பைத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43-ஆம் பிரிவு. வேறு உடன்பாடு இருந்தால்தான் நிலைமை மாறும். ஆகவே கட்டணம் பற்றிய நிபந்தனையை ஆர்டர் கொடுக்கும்போதே படித்துவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து காத்திருப்பதில் இருக்கிறது. எண் கேட்டாயிற்றே என்று கிராணி சும்மா இருந்துவிடுகிறார். எண் கேட்பது வேறு, சரக்கை மறுப்பது வேறு. மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலம் தாண்டினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்ற சரக்குக்கு ஒப்பந்த விலையில் பணம் தர வேண்டும். அதனால் எண் கேட்கும் கடிதத்திலேயே, "ஆர்டர் 60, வந்தது 70, அதிகமான பத்தை ஏற்கவில்லை, உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளவும்" என்று டி.ஓ. எண்ணோடு எழுதிவிட வேண்டும். மூட்டை இறங்கும்போதே எண்ணிப் பார்த்து, டி.ஓ.வின் இரண்டு படியிலும் அதே குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பத்தையும் தனியாக, ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி, சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு மூட்டையைப் பிரித்துச் செம்பனைக்குப் போட்டுவிட்டால், அதை மறுத்ததாகச் சொல்ல வழியில்லை.