ஓடியது சரி, முடிந்ததா?

ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பது கம்ப்யூட்டர் குறிப்பு சொல்லும் வீடியோக்களில் இப்போது மந்திரம்போல் ஒலிக்கிறது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திற, ஒரு ஸ்கிரிப்டைச் சேர், தினமும் காலை ஒன்பது மணி என்று குறி, அவ்வளவுதான். பெரும்பாலும் காட்டப்படும் உதாரணம் பேக்கப். அலுவலக ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஒற்றை வரிக் கட்டளை அது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கையால் நகலெடுப்பவர் நாலாம் நாள் சோம்பல்படுவார், ஒரு ஃபோல்டரை விட்டுவிடுவார். ஸ்கிரிப்ட் இரண்டையும் செய்யாது. காசும் செலவில்லை. ஒன்பது மணிக்கு சிஸ்டம் அணைந்திருந்தால் என்னாகும் என்ற பழைய புகாரும் இன்று பெரிதாக நிற்காது. யூனிக்ஸின் க்ரான் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்காகப் பிறந்தது, தவறிய நேரத்தை அது தேடிப் பிடிக்காது. விண்டோஸில் அதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது: தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கு என்பது அதன் பொருள்.

கோளாறு ‘மறந்துவிடலாம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. வேலையைத் தொடங்கிவைப்பதுதான் ஷெட்யூலரின் பொறுப்பு. அந்த வேலை உருப்படியாக முடிந்ததா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் இந்த வீடியோக்கள் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். `D:\Office` என்ற ஃபோல்டருக்குள் Agreements, GST, Mail, Salary, TDS என்று ஐந்து ஃபோல்டர்கள். Mail ஃபோல்டரில் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு. பேக்கப் கட்டளை இது:

```
robocopy D:\Office E:\Office /E
```

முதல் முறை கையால் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவுட்லுக் மூடியிருக்கிறது, ஐந்து ஃபோல்டரும் அழகாக வந்து சேர்கின்றன. பிறகு ஷெட்யூலரில் காலை ஒன்பது மணி. தவறினால் உடனே ஓட்டு என்ற டிக்கும் போட்டாயிற்று. அலுவலகம் திறப்பதோ ஒன்பது இருபதுக்கு. தவறிய வேலையை ஷெட்யூலர் சிஸ்டம் எழுந்தவுடனே ஓட்டுவதில்லை, சில நிமிடங்கள் பொறுத்துத்தான் ஓட்டும். அதற்குள் யாரோ அவுட்லுக்கைத் திறந்திருப்பார்கள். திறந்த பிஎஸ்டியை அவுட்லுக் தன் பிடியில் வைத்துக்கொள்ளும், வேறு யாரும் படிக்க முடியாது.

ரோபோகாப்பியின் குணம் இங்கேதான் தெரியும். நகலெடுக்க முடியாத கோப்பு வந்தால் 30 விநாடி காத்திருந்து மீண்டும் முயலும். எத்தனை முறை? வேறு எண் சொல்லாவிட்டால் பத்து லட்சம் முறை. கணக்குப் போட்டால் காத்திருப்பு மட்டும் 347 நாள். ஃபோல்டர்களை அது அகரவரிசையில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறது. ஆக Agreements, GST இரண்டும் தினமும் புதுசாக இருக்கும். Mail ஃபோல்டரில் முட்டி நிற்கும். Salary, TDS பக்கம் போகவே போகாது. மாலையில் சிஸ்டத்தை அணைத்தால் வேலையும் செத்துப்போகும், மறுநாள் அதே கதை. அணைக்காமல் லேப்டாப்பை மூடி மட்டும் வைத்தால் நேற்றைய வேலையே இன்னும் நடப்பதாகக் கருதி, இன்றைய வேலையை ஷெட்யூலர் தொடங்காது.

சந்தேகப்பட்டு ஒருவர் வெளி டிஸ்க்கைத் திறந்தாலும் ஐந்து ஃபோல்டரும் இருக்கும். ஷெட்யூலரைப் பார்த்தால் Running என்று இருக்கும். உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவார். திரையில் நின்றுகொண்டிருக்கும் கறுப்பு ஜன்னல் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். அது கண்ணை உறுத்துகிறது என்று, பயனர் லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு என்ற தேர்வைப் போட்டு அதை மறைக்கவும் சொல்லித்தருகிறார்கள்!

பிழை வந்தால் எண் காட்டுமே என்று வாதிடுவார்கள். Last Run Result என்ற பத்தி உண்மையில் காட்டும், ஆனால் ரோபோகாப்பியின் எண்களுக்குத் தனி இலக்கணம். 0 என்றால் நகலெடுக்கப் புதிதாக ஒன்றுமில்லை. 1 என்றால் கோப்புகள் நல்லபடியாக நகலாயின. 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. எனவே எல்லாம் சரியாக நடந்த நாளில் பத்தியில் 0x1 என்று, பிழைபோலத் தெரியும். ஒரு வாரம் அதைப் பார்த்துப் பழகியவர் 0x8 வந்தாலும் அசையமாட்டார். ஷெட்யூலரிலிருந்தே மின்னஞ்சல் அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. விண்டோஸ் 8 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவிட்டது.

மின்னஞ்சல் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு 2017 ஜனவரி 31 பதில் சொல்கிறது. அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் இடம் காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2-க்கான கருவியால் நகலெடுக்க முயன்று, அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. க்ரான் கடிதமும் அனுப்பியிருக்கிறது. சரிபார்ப்பு முத்திரை இல்லாததால் அந்தக் கடிதங்களைப் பெறுபவரின் அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், கணக்கு அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்வது பொறுப்பான காரியமா?

ஸ்கிரிப்டைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும்:

```
robocopy D:\Office E:\Office /E /R:3 /W:5 /LOG:D:\backup_log.txt
if %ERRORLEVEL% GEQ 8 exit /b 1
exit /b 0
```

மூன்று முறை முயன்று, கிடைக்காத கோப்பைத் தாண்டிப் போகும். இப்போது 0x0 என்றால் உண்மையிலேயே நன்மை. லாக் கோப்பின் அடிப்பகுதியில் FAILED என்ற பத்தியும் Ended என்ற வரியும் இருக்கும். Ended இல்லையென்றால் வேலை நடுவழியில் நின்றது என்று பொருள்.

ஆனால் ஓடாத ஸ்கிரிப்ட் எந்த லாகையும் எழுதாது. லேப்டாப் பேட்டரியில் இருந்தால் ஷெட்யூலர் வேலையைத் தொடங்காது, இது யாரும் கேட்காமலே போடப்பட்டிருக்கும் டிக். அப்போது கிடப்பது பழைய லாக், அதே நல்ல செய்தியோடு. வெளி டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் தேதியும் உதவாது, மூலக் கோப்பின் தேதியைத்தான் ரோபோகாப்பி அப்படியே கொண்டுவரும். லாக் கோப்பின் தேதியைப் பார்க்க வேண்டும், அதையும் ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டால், மறந்துவிடலாம் என்ற பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

லாகைத் தினமும் பார்க்கிற ஆள் இருந்தால் ஷெட்யூலர் தாராளமாக இருக்கட்டும். இல்லாத இடத்தில், அதாவது பெரும்பாலான வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும், காலை நேரத்து ஷெட்யூலை எடுத்துவிடுவதே மேல். அதே ஸ்கிரிப்டில் /LOG பகுதியை நீக்கி, exit வரிகளுக்குப் பதிலாக `pause` என்று ஒரு வரி போட்டு டெஸ்க்டாப்பில் வைத்தால் போதும். கையால் செய்வது பிற்போக்கு என்று சிலர் சிரிக்கலாம். டபுள் கிளிக் செய்ய மறக்கிறவருக்குத் தான் மறந்தது தெரியும், மறுநாள் வந்து செய்வார். மாலையில் அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்த ஐகானைத் தட்டி, கறுப்பு ஜன்னலில் FAILED-க்குக் கீழே பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு கீயை அழுத்தலாம்.