ஹனாபி: எதிராளி இல்லாத ஆட்டத்தின் குறை

கூட்டாக ஆடும் ஆட்டம் என்றாலே விவரம் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுப்பார், மற்றவர்கள் அவர் சொன்ன காயை நகர்த்துவார்கள் என்று ஒரு புகார் உண்டு. ‘பாண்டமிக்’ போன்ற ஆட்டங்களை ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் புகாருக்கு ‘ஹனாபி’யைப் பதிலாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் அந்துவான் போசாவின் இந்தச் சீட்டாட்டம் 2010இல் வெளிவந்து, 2013இல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ பரிசைப் பெற்றது. அதன் ஆதரவாளர்கள் சொல்வது இதுதான்: சீட்டுகளை முகம் வெளியே தெரியப் பிடிப்பதால் என் கை எனக்குத் தெரியாது, உங்கள் கை உங்களுக்குத் தெரியாது, பேசவும் தடை, ஆகவே யாரும் யாரையும் ஆட்டிவைக்க முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தடையைக் காப்பது யார் என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. ஹனாபியின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது.

ஆட்டத்தின் அமைப்பில் அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஐந்து நிறங்கள், நிறத்துக்குப் பத்து என 50 சீட்டுகள். ஒவ்வொரு நிறத்திலும் 1 மூன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்றே ஒன்று. நிறவாரியாக 1 முதல் 5 வரை வரிசையாக இறக்கினால் 25 புள்ளி. குறிப்புக்கு எட்டு வில்லைகள். ஒரு குறிப்பு கொடுத்தால் ஒரு வில்லை போகும், ஒரு சீட்டைக் கழித்தால் ஒன்று திரும்பும். குறிப்பில் சொல்லக்கூடியது ஒரு நிறத்தை அல்லது ஒரு எண்ணை மட்டுமே. அது பொருந்தும் சீட்டுகள் அத்தனையையும் தொட்டுக் காட்ட வேண்டும். மூன்று முறை தவறாக இறக்கினால் ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு 5ஐத் தெரியாமல் கழித்துவிடுவாரோ என்று எதிரில் இருப்பவர் பதறும் பதற்றத்துக்கு ஈடான ஒன்றை வேறு கூட்டாட்டங்களில் காண்பது அரிது. பரிசுக்கு அந்தப் பதற்றமே போதும் என்று நடுவர்கள் நினைத்திருந்தால் அது புரிந்துகொள்ளத் தக்கதே.

சிக்கல் கணக்கில் தொடங்குகிறது. நான்கு பேர் ஆடினால் ஆளுக்கு நான்கு சீட்டு. கட்டில் மீதி 34. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கழிக்கும்போதும் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறோம். கட்டு தீர்ந்த பிறகு ஆளுக்கு ஒரே முறை. அப்படியானால் இறக்கவும் கழிக்கவும் மொத்தம் 38 வாய்ப்புகள். அவற்றில் 25 இறக்குவதற்கு வேண்டும். கழிக்க மிஞ்சுவது 13. எட்டு வில்லை, கழித்ததால் வரும் 13, ஒரு நிறத்தை முடித்தால் திரும்பும் ஒன்று (ஐந்தாவது நிறம் முடியும்போது ஆட்டமே முடிவதால் நான்கு) எல்லாம் சேர்த்தால் குறிப்புகள் 25க்கு மேல் போகாது. இறக்க வேண்டிய சீட்டும் 25. ஒரு சீட்டை ஐயமின்றி அறிய நிறம் ஒன்று, எண் ஒன்று என இரண்டு குறிப்பு வேண்டும். தொடக்கத்தில் “இவை 1” என்று சொன்னால் மூன்று சீட்டு ஒரே குறிப்பில் அடங்கலாம். அந்தச் சிக்கனம் நடுவில் எடுபடாது. எனவே குறிப்பு சொல்லும் சொல்லை மட்டும் நம்பி ஆடுபவர்கள் 25ஐ எட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம். சொல்லாததையும் குறிப்பில் ஏற்றியாக வேண்டும். ஆட்டத்தின் கணிதமே அதைக் கேட்கிறது.

சொல்லாததை ஏற்றுவது எப்படி என்பதற்கு ஆட்டக்காரர்கள் ‘ஃபினெஸ்’ என்று அழைக்கும் உத்தியே நல்ல சான்று. மேசையில் சிவப்பு 1 இறங்கியிருக்கிறது. இரண்டாமவர் கடைசியாக எடுத்த சீட்டு சிவப்பு 2. மூன்றாமவர் கையில் ஒரே சிவப்புச் சீட்டு, அது 3. முதலாமவர் இரண்டாமவரை விட்டுவிட்டு மூன்றாமவரைப் பார்த்து, “இது சிவப்பு” என்கிறார். இரண்டாமவருக்கு அந்தச் சீட்டு 3 என்று தெரிகிறது; இப்போது இறக்க முடியாத சீட்டுக்கு ஏன் குறிப்பு கொடுத்தார் என்று யோசித்து, ‘அப்படியானால் 2 என்னிடம்தான் இருக்க வேண்டும், அதுவும் புதிதாக வந்த சீட்டாக’ என்று முடிவுகட்டி, எந்தக் குறிப்பும் படாத சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிறார். அதைப் பார்த்த மூன்றாமவர் தன்னிடம் இருப்பது 3 என்று அறிந்து இறக்குகிறார். ஒரு வில்லையில் இரண்டு சீட்டு. இதில் வெறும் தர்க்கம் எவ்வளவு, முன்னேற்பாடு எவ்வளவு? 2 தன்னிடம் இருக்கலாம் என்பது வரை தர்க்கம். நான்கு சீட்டில் புதியதே அது என்பதும், சீட்டுகளை வந்த வரிசை மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும், குறிப்பு என்றால் ‘இறக்கு’ என்று பொருள் என்பதும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அறியாதவர் இரண்டாம் இடத்தில் இருந்தால் தன் பாட்டுக்கு ஒரு சீட்டைக் கழிப்பார். மூன்றாமவர் தன்னிடம் இருப்பது 2 என்று நம்பி 3ஐ இறக்குவார். ஓர் உயிர் போகும். மேசையில் எல்லாருடைய கண்ணும் யார் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆள்பவரை ஒழித்துவிட்டோம் என்ற வாதம் இங்கே உடைகிறது. ‘பாண்டமிக்’கில் ஆள்பவர் ஆட்டத்தின் நடுவே பேசினார், அவரை எதிர்த்துப் பேசவாவது முடிந்தது. ஹனாபியில் அவர் சீட்டைக் கலைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்: எந்தச் சீட்டு முதலில் கழிக்கப்பட வேண்டியது, 5ஐ எப்போது காட்ட வேண்டும், எந்தக் குறிப்புக்கு என்ன பொருள். ‘எச்-குரூப்’ என்ற ஆட்டக்காரர் குழு தொகுத்துள்ள மரபுகள் படிப்படியான பாடங்களாக நீள்கின்றன. அவற்றைப் படித்தவர் ஆசான், படிக்காதவர் குற்றவாளி.

இதற்கு வரும் முதல் மறுப்பு, மரபுகள் ஆட்டத்தின் வளர்ச்சி என்பது. பிரிட்ஜ் ஆட்டத்திலும் ஏல மரபுகள் இருக்கின்றன, அங்கே அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லையே என்பார்கள். பிரிட்ஜை எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. வேறுபாடு அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. பிரிட்ஜில் கூட்டாளிகள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் எதிரணிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி. கூட்டாளி தயங்கியதிலிருந்து எதையாவது ஊகித்து, அது சுட்டிய வழியில் ஆடினால், நடுவரை அழைத்து முடிவைத் திருத்தச் செய்யலாம். 1975 பெர்முடா கிண்ணப் போட்டியில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். இரண்டு இத்தாலிய ஆட்டக்காரர்கள் மேசைக்கு அடியில் காலால் சைகை செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததும் அடியிலும் தடுப்பு வைத்தார்கள். இத்தனையும் நடந்ததற்கு ஒரே காரணம், சைகையால் நட்டப்படும் இன்னொரு அணி எதிரில் உட்கார்ந்திருந்ததுதான். யாழ்ப்பாணத்தில் 304 ஆடும்போதும் கூட்டாளிக்குக் கண் காட்டினால் எதிரணி சும்மா விடாது. ஹனாபியில் எதிரணியே இல்லை. விதியை மீறினால் அதனால் பயன்பெறுபவர்கள் மேசையில் இருக்கும் எல்லாரும். நட்டம் யாருக்கும் இல்லை. ஆகவே புகார் சொல்லவும் ஆளில்லை. வேலியைக் காக்கும் பொறுப்பு வேலி தாண்டினால் லாபம் அடைபவர்களிடமே விடப்பட்டிருக்கிறது.

விதிநூலாவது கறாராக இருந்திருக்கலாம். அது செய்தது நேர்மாறு. கண்டிப்பாகப் பார்த்தால் குறிப்பு கொடுக்கும்போது தவிர வேறெப்போதும் தகவல் தரக்கூடாது என்று சொல்லிவிட்டு, உங்கள் மேசையில் எது செல்லும் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று கைகழுவிவிடுகிறது. பேச்சைக் கட்டுப்படுத்துவதையே உயிராகக் கொண்ட ஆட்டம், பேச்சின் எல்லையை மட்டும் வீட்டுக்கு வீடு விட்டுவிடலாமா? சீட்டைக் கழிக்கக் கை நீளும்போது எதிரில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் அது குறிப்பா இல்லையா? “சிவப்பு” என்று அழுத்திச் சொல்வதற்கும் சாதாரணமாகச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு? பதிலில்லை. இணையத்தில் முகமும் குரலும் மறைகின்றன. ஆனால் யோசிக்கும் நேரம் அங்கேயும் கசிகிறது. வொல்ஃப்காங் வார்ஷின் ‘தி மைண்ட்’ (2018) இதில் நேர்மையானது. காத்திருக்கும் நேரமே அங்கே பேச்சு என்பதால் அதை ஒளிப்பதற்கில்லை.

இந்தத் தளர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015இல் கணிதவியலாளர் சிலர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. ஐந்து பேர் ஆட்டம். மற்ற நால்வரில் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதை 0 முதல் 7 வரை ஒரு எண்ணாக்குகிறார்கள்: நான்கு சீட்டில் ஒன்றை இறக்கு, அல்லது நான்கில் ஒன்றைக் கழி, மொத்தம் எட்டு. குறிப்பு கொடுப்பவர் நால்வரின் எண்களையும் கூட்டி, எட்டால் வகுத்த மீதியைத் தெரிவிக்கிறார். தெரிவிக்க வழி: நால்வரில் யாருக்குக் குறிப்பு, நிறமா எண்ணா, அதுவும் எட்டு வகை. ஒவ்வொருவரும் மற்ற மூவரின் கையைப் பார்க்கிறார்கள். அந்த எண்களைக் கழித்தால் தன் எண் கிடைத்துவிடுகிறது. “உன்னிடம் இது சிவப்பு” என்ற சொல்லுக்கும் அந்தச் சீட்டுக்கும் தொடர்பே கிடையாது. சராசரிப் புள்ளி 25க்கு 23. இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. கணிதமாக இது அபாரம். ஆட்டமாகப் பார்த்தால், ஒருவர் மற்றவரின் மனதை ஊகிப்பது என்று ஹனாபியைப் புகழ்ந்தவர்கள் புகழ்ந்த எதுவுமே இதில் மிஞ்சவில்லை. ‘யாரும் இப்படி ஆடுவதில்லை’ என்பது மறுப்பாகாது. ‘ஃபினெஸ்’ஸுக்கும் இதற்கும் நடுவில் கோடு எங்கே என்று விதிநூல் சொல்லவில்லை, ஒவ்வொரு புதிய மரபும் இந்தத் திசையில் இன்னொரு அடிதான்.

‘விளையாட்டுத்தானே, நண்பர்கள் கூடி மகிழ்ந்தால் போதாதா’ என்பது கடைசி மறுப்பு. மகிழ்ச்சிதான் அளவுகோல் என்றால் புள்ளிப் பட்டியல் எதற்கு, 25 எடுத்தவர்களுக்கு உச்சப் பாராட்டு எதற்கு? மூச்சையும் முகத்தையும் அடக்கி மரபே இல்லாமல் எடுத்த 18க்கும், பாடம் படித்து எடுத்த 25க்கும், உறவினர் நால்வர் முனகியும் முறைத்தும் எடுத்த 25க்கும் இந்த ஆட்டத்தில் ஒரே அளவுகோல்தான். எதிராளி இல்லாத ஆட்டத்துக்குப் புள்ளி மட்டுமே எதிராளி. அந்தப் புள்ளிக்கே பொருளில்லை. இரண்டு பக்கம் கூடுதலாக எழுதி, எந்த ஏற்பாடு செல்லும், எது செல்லாது, தயங்கினால் என்ன தண்டனை என்று விதிநூல் சொல்லியிருக்கலாம். அந்த வேலையை முடிக்காத ஆட்டத்துக்கு 2013இல் பரிசளித்தது நடுவர் குழுவின் அவசரம்.