கணினி எட்டு, பிள்ளைகள் நாற்பது

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பலகைகளை இன்றும் பார்க்கலாம். குறுகலான மாடிப்படி ஏறினால் வரிசையாக ஒரு டஜன் இயந்திரங்கள் இருக்கும். விடியற்காலை முதல் இரவு வரை மணிக்கு ஒரு பேட்ச். ஒரே இயந்திரத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பழகுகிறார்கள். ஆனாலும் தன் மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அது முழுக்கத் தன்னுடையது. குறைந்த இயந்திரங்களை நிறையப் பேர் பகிர்ந்துகொள்ளும் கலையில் நம்மூர் எப்போதோ தேறிவிட்டது. அந்தப் பழக்கம் பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் நுழையவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழக அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 2019 வாக்கில் ஹைடெக் லேப் வந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைக்கு இருபது. அதற்கு முன்பே, 2011 முதல், மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினியும் கொடுக்கப்பட்டது. ஆக, கருவி முதலில் வந்தது. பாடத்திட்டத்தில் அதற்கான இடம் இன்னும் ஓரமாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை கணினி தனிப் பாடம் கிடையாது. அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அலகாக வரும். எட்டாம் வகுப்பில் லிப்ரே ஆபீஸ் கால்க், பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச் இருக்கின்றன. புத்தகத்தின் கடைசியில் இருப்பதால், ஆண்டுக் கடைசியின் அவசரத்தில்தான் அவை நடக்கின்றன. விரல்களை எங்கே வைப்பது என்று சொல்லித்தர யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

இலங்கையில் வரிசை மாறி நடந்தது. அங்கே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆறாம் தரத்திலிருந்தே தனிப் பாடம். தமிழ் மொழியிலும் இலவசப் பாடநூல் உண்டு. சாதாரண தரத்தில் அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். உயர்தரத்தில் எந்தத் துறையில் படிப்பவருக்கும் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை இருக்கிறது. கணினி இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்காக வலயங்களில் கணினி வள நிலையங்கள் அமைத்தார்கள். பள்ளி தோறும் இரண்டு மூன்று பெட்டிகளை வைத்துப் பூட்டாமல், ஓரிடத்தில் சேர்த்துவைத்துப் பிள்ளைகளை அங்கே வரச்செய்யும் ஏற்பாடு இது. கிராமத்துப் பிள்ளைக்குப் பேருந்துச் செலவும் அலைச்சலும் உண்டுதான். ஆனால் போய் உட்கார்ந்தால் துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்தாற்போல நேரம் கிடைக்கிறது. நம் டைப்பிங் கிளாஸின் பேட்ச் முறைக்கு இது நெருங்கிய உறவு.

அங்கேயும் ஒரு பெரிய குறை இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுத்துப் பரீட்சை. கணினித் திரையின் படத்தை வினாத்தாளில் அச்சிட்டு, கூட்டுத்தொகை வர எந்தச் சூத்திரம் என்று கேட்பார்கள். `=SUM(B2:B6)` என்று பேனாவால் சரியாக எழுதும் பிள்ளை, அதே வரியை விசைப்பலகையில் அடிக்க அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கும். தமிழகத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு 20 மதிப்பெண் செய்முறைத் தேர்வு உண்டு. ஆனால் அது அந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்கு மட்டும், அதுவும் பதினாறு பதினேழு வயதில். ஆறாம் வகுப்பிலேயே தொடங்குவதை நாம் இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையைப் பார்த்து மதிப்பெண் போடுவதை அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு வகுப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், பத்துக் கணினி. ஒன்றில் மானிட்டர் வராது, ஒன்றில் விசைப்பலகையில் நாலு எழுத்து விழாது. ஓடுவது எட்டு என்று வைத்துக்கொள்வோம். பீரியட் 40 நிமிடம். செருப்பைக் கழற்றி, வரிசையில் உட்கார்ந்து, கணினி எழுந்து வர ஐந்து நிமிடம் போனால் மீதி 35. ஒரு கணினிக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஏழு நிமிடம். வாரம் ஒரு பீரியட், ஆண்டுக்கு முப்பது வாரம் என்றாலும் மொத்தம் மூன்றரை மணி நேரம். இன்ஸ்டிடியூட்டில் தினம் ஒரு மணி நேரம் போகிறவர் நான்கே நாளில் இதைத் தாண்டிவிடுவார். அவரே ‘லோயர்’ தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, அதாவது 150 தட்டு என்ற வேகத்துக்கு வர மாதக்கணக்கில் உழைக்கிறார்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஒரு வாரமும் மீதிப் பேரை அடுத்த வாரமும் அனுப்பினால் நேரம் கூடுமா? கூடாது. ஆளுக்கு 14 நிமிடம் வரும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எட்டுக் கணினியின் 35 நிமிடத்தை எப்படி வெட்டினாலும் பங்கு அதேதான். ஆகவே மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்று: ஒருவர் அடிக்கும்போது மற்ற நான்கு பேரும் என்ன செய்கிறார்கள் என்பது. இப்போது அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மவுசைக் கைப்பற்றியவர் கடைசி வரை விடுவதில்லை. பெரும்பாலும் அது வீட்டில் ஏற்கெனவே மடிக்கணினி பார்த்த பிள்ளை.

தட்டச்சுக்கு வேண்டியது விரலின் ஞாபகம். அதில் பெரும்பகுதியைக் காகிதத்திலேயே ஏற்றலாம். உண்மையான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் பன்னிரண்டு விசை வரைந்தாலும் 23 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் தாராளமாக இடம் இருக்கிறது. அளவு பிசகாமல் ஒன்று வரைந்து நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். F, J இரண்டிலும் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துக் காயவிட்டால், நிஜ விசையில் இருக்கும் சிறு மேடு போலவே விரலுக்குத் தட்டுப்படும். ஆங்கிலத்துக்கு இன்ஸ்டிடியூட்டின் பழைய பாடமே போதும்: `asdfgf ;lkjhj`. ஒருவர் எழுத்தைச் சொல்ல, இன்னொருவர் கரும்பலகையைப் பார்த்தபடியே தாளில் அழுத்த வேண்டும். சொல்பவரின் கண் அடிப்பவரின் விரலில் இருக்க வேண்டும். வகுப்பறையில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய பயிற்சி இது, மின்சாரமும் வேண்டாம்.

தமிழுக்கு எந்தப் பலகை என்ற கேள்வியில்தான் இரு நாடுகளும் உண்மையாகப் பிரிகின்றன. தட்டச்சுப் பொறிக்கான தமிழ் விசை அமைப்பை வகுத்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. தாம்பரத்து இன்ஸ்டிடியூட்டில் இன்று ‘யளனகப’ என்று இடக்கை பழகும் பெண்ணின் பாடம் அந்த மரபில் வந்தது. இலங்கை கணினியிலும் அந்த மரபையே தொடர்ந்தது. பாமினி எழுத்துரு அங்கே வீடு வீடாகப் பரவியது. அரசின் தரமான எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் ஏற்ற ரெங்கநாதன் பலகையும் தட்டச்சு வழி வந்ததுதான். தமிழகமோ 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி, உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் என்று புதிதாக அமைத்த தமிழ்99ஐ ஏற்றது.

ஒரே சொல்லை இரண்டிலும் அடித்தால் வித்தியாசம் விளங்கும். ‘அம்மா’ என்ற சொல்:

```
பாமினி:   m k ; k h
தமிழ்99:  a k k q
```

பாமினியில் புள்ளியைத் தனியாக வைக்க வேண்டும். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ம-ப, ந-த போன்ற இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. பாமினி பழகிய பிள்ளைக்கு வேறொரு தலைவலியும் உண்டு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ இருந்த இடத்தில் `mk;kh` என்றுதான் தெரியும். வீட்டில் அடித்ததைப் பள்ளியில் திறந்து, கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அழித்துவிடும்.

மூன்றரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பிள்ளைக்குத் தமிழ்99தான் ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன். காரணம், நடு வரிசையை மட்டும் தெரிந்துகொண்டாலே சொற்கள் அடிக்கலாம். அந்த வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. ‘தம்பி’க்கு `l k j s`: வலக்கையின் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாக விழுந்து, கடைசியில் இடக்கை மோதிர விரல் இகரத்தைப் போடும். ‘பந்து’ `j ; l d`. ‘பக்கம்’ `j h h k f`. முதல் மாதத்திலேயே தன் கையால் ஒரு முழுச் சொல் திரையில் எழுவதைப் பிள்ளை பார்த்துவிடும். விண்டோஸ் 10இல் 2019 முதல் தமிழ்99 உள்ளேயே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

இங்கேதான் பகிர்ந்த கணினிக்கே உரிய ஒரு தொல்லை வருகிறது. முந்தைய வகுப்பு தமிழில் அடித்துவிட்டு மாற்றாமல் எழுந்துபோயிருக்கும். அடுத்த வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ அடிக்கப் பார்த்து, “மிஸ், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு மிஸ்” என்று கை தூக்கும். எட்டுக் கணினிக்கும் ஆசிரியர் ஓடினால் அந்த ஏழு நிமிடத்தில் மூன்று போய்விடும். எழுந்திருக்கும் முன் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கேப்ஸ் லாக் விளக்கை அணைப்பதை, நாற்காலியை உள்ளே தள்ளுவது போல ஒரு கட்டாயப் பழக்கமாக்கிவிட வேண்டும்.

கணினி முன் உட்காரும் ஏழு நிமிடத்தைப் புதிதாகக் கற்பதில் செலவிடக் கூடாது. தாளில் பழகியதைச் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் எடிட்டரைத் திறந்து, எழுத்துப் பிழையைச் சிவப்புக் கோட்டில் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் அடிக்கச் சொல்ல வேண்டும். பேக்ஸ்பேஸ் தொடக் கூடாது. தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் கை சுத்தமாக இருப்பதற்குக் காரணமே, அதில் விழுந்த தப்பு விழுந்ததுதான் என்பது. கணினியில் பேக்ஸ்பேஸ் தப்பை மறைத்துவிடுவதால், எந்த விரல் தவறுகிறது என்று பிள்ளைக்கும் தெரிவதில்லை, ஆசிரியருக்கும் தெரிவதில்லை. திரையில் ‘பந்து’ ‘பத்து’ என்று வந்திருந்தால் வலக்கைச் சுண்டுவிரல் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். ‘பக்கம்’ ‘பக்கமெ’ என்று முடிந்திருந்தால் இடக்கை ஆள்காட்டி விரல் தள்ளி விழுந்திருக்கிறது. அடுத்த வாரத் தாள் பயிற்சி அந்த விரலுக்கு.

அடிக்கும் பிள்ளை கீழே பார்க்கிறதா என்று அறிய ஒரு நோட்டைக் கைகளுக்கு மேல் பக்கத்துப் பிள்ளை பிடித்தால் போதும். நிமிடத்துக்கு 90 தட்டு இரண்டு விரலால் அடிக்கும் பிள்ளை நோட்டைக் கண்டதும் நின்றுவிடும். 40 தட்டு பத்து விரலால் அடிப்பது நிற்காது. மதிப்பெண் இரண்டாவது பிள்ளைக்குத்தான் கூட வேண்டும். வேகத்தை மட்டும் பார்த்து முதல் பிள்ளையைப் பாராட்டினால், வகுப்பே இரண்டு விரலுக்குத் திரும்பிவிடும்.

டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளை பிறகு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ‘யளனகப’ படிக்கட்டும். ஆங்கில விரல் அப்படியே உதவும். தமிழ் விரலைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். இரண்டு தமிழ்ப் பலகையையும் ஒரே ஆண்டில் போட்டுக் குழப்பாமல், பள்ளி தமிழ்99ஐ முடித்த பிறகு சேர்வது நல்லது. யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருக்கும் ஆசிரியருக்கு இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே வீட்டிலும் கடையிலும் பிள்ளையைச் சுற்றி இருப்பது தட்டச்சு வழிப் பலகை. அதிலேயே, ஆனால் எழுத்துருவை நம்பாமல் யூனிகோடில் அடிக்கப் பழக்குவதுதான் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.