இருவர் தலையிலும் ஆத்திப்பூ

உடன்பிறந்தவர்களின் சொத்துச் சண்டையை எழுதுவது, சண்டையைத் தீர்ப்பதைப் போலவே கடினமான காரியம். யார் பக்கம் நியாயம் என்று எழுதப் புகுந்தால் ஒருவரை இழந்துவிடுவோம். இருவரும் நல்லவர்களே என்று மழுப்பினால் உண்மையை இழந்துவிடுவோம். எழுதியது காகிதத்தில் நின்றுவிடும். பங்காளிகள் பின்னொரு நாள் ஒரு திருமணப் பந்தியில் அருகருகே உட்கார நேரும்போது, அந்த வரி இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சிக்கலைப் புறநானூற்றுப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தாயப் போரைப் பற்றிய மூன்று பாட்டுகளை வரிசையாக வைத்துப் படித்தால், அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதைவிட எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தான் நயம் கூடுதலாக இருக்கிறது.

முதலில் 45ஆம் பாட்டு. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான். அதே குடியில் பிறந்த நெடுங்கிள்ளி உள்ளே கோட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறான். கோவூர் கிழார் இருவரையும் நோக்கிப் பாடுகிறார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. மொத்தம் ஒன்பதே அடி. அதில் இருவர் பெயரும் இல்லை. உறையூர் யாருக்குரியது, மூத்தவன் யார், முன்பு என்ன பேச்சு நடந்தது என்ற வழக்கு விவரம் எதுவும் இல்லை.

பாட்டு எதிரி யார் அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறது. உன்னோடு பொருகிறவன் பனந்தோட்டைச் சூடியவன் அல்லன். வேப்பந்தாரை அணிந்தவனும் அல்லன். பனை சேரனுக்குரியது, வேம்பு பாண்டியனுக்குரியது. அந்த இரு பெயர்களையும் புலவர் வாயால் சொல்வதில்லை, பூவை மட்டும் காட்டுகிறார். சண்டையின் சூட்டில் இருக்கிறவனிடம் ‘அவன் உன் இரத்தம்’ என்று எடுத்த எடுப்பில் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதனால் முதலில் அயலார் இருவரை விலக்குகிறார். வெளியார் எவரும் இல்லை என்று ஆன பிறகுதான் கண்ணை எதிரே இருப்பவன் தலைக்குத் திருப்புகிறார். அங்கே இருப்பது ஆத்தி, சோழர் பூ.

அதைச் சொல்லும் விதம்தான் நடுவுநிலையின் உச்சம். உன் கண்ணியும் ஆத்தியால் கட்டியது. உன்னோடு பொருகிறவன் கண்ணியும் ஆத்தியால் கட்டியது. இரண்டு கண்ணிக்கும் ஒரே பெயர்ச்சொல், ஒரே வினைமுற்று. ஒருவன் கண்ணிக்கு ஓர் அடைமொழிகூடக் கூட்டிச் சேர்க்கவில்லை. நாம் பங்காளிச் சண்டையை எழுதும்போது தவறுவது இந்த இடத்தில்தான். மூத்தவர் ‘வீட்டைக் கேட்டார்’ என்றும் இளையவர் ‘வீட்டுக்கு ஆசைப்பட்டார்’ என்றும் எழுதிவிடுவோம். இருவரும் செய்தது ஒன்றே. வினையை மாற்றியதில் தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. இருவரும் கேட்டார்கள் என்றால் இருவருக்கும் ‘கேட்டார்’ என்றே எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கோவூர் கிழாரின் அந்த இரண்டு அடிகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். எந்த ஒருவர் என்று சொல்லவில்லை. தொடர்ந்து, இருவரும் வெல்வது இயற்கையும் அன்று என்கிறார். இரண்டாவது கூற்று இல்லாமல் முதலாவது வெறும் அறிவுரையாக நின்றிருக்கும். எல்லோருக்கும் நன்மை வரும் என்ற பொய்யான ஆறுதலை அவர் தரவில்லை. இதில் வெற்றி என்று ஒன்று இருந்தால் அது ஒருவருக்குத்தான், அந்த வெற்றியிலும் குடிக்குத் தோல்வி உண்டு என்று கணக்கை அப்படியே விரித்து வைக்கிறார். இதுவரை ‘நீ’, ‘உன்னோடு பொருகிறவன்’ என்று பிரித்துப் பேசியவர் இங்கே ‘நீங்கள்’ என்று மாறிவிட்டார். கோட்டைக்கு வெளியே நிற்பவனும் உள்ளே இருப்பவனும் ஒரு பன்மைக்குள் வந்துவிட்டார்கள். அவர்களைச் சேர்த்து வைக்கும் வேலையை இலக்கணம் முதலில் செய்து முடிக்கிறது.

முடிவில், நீங்கள் செய்வது குடிக்குத் தகுந்த செயல் அன்று. உங்களைப் போன்ற மற்ற வேந்தர்களுக்கு உடம்பு பூரிக்கும் மகிழ்ச்சியைத்தான் இந்தப் பகை தரும் என்கிறார். தொடக்கத்தில் விலக்கி வைத்த பனையும் வேம்பும் பெயர் சொல்லாமலேயே இங்கே திரும்பி வந்து நின்று சிரிக்கின்றன. சண்டைக்குள் இல்லாதவர்கள்தான் சண்டையின் பலனை அனுபவிப்பவர்கள். ஒன்பது அடிக்குள் இப்படி ஒரு வளையத்தைப் போட்ட கட்டுமானம் வியக்க வைக்கிறது.

நடுவுநிலை என்றால் கண்டிக்கவே கூடாதா? அதே கோவூர் கிழார் பாடிய 44ஆம் பாட்டு இதற்கு விடை. இம்முறை நலங்கிள்ளி முற்றியிருப்பது ஆவூரை; உள்ளே அடைத்திருப்பவன் அதே நெடுங்கிள்ளி. புலவர் உள்ளே இருப்பவனிடம் பேசுகிறார். இங்கேயும் உரிமை வழக்கை அவர் தொடவில்லை. கோட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறார். களிறுகள் குளத்தில் படியவில்லை. நெய் கலந்த கவளம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. கட்டுத்தறி வருந்தப் பெருமூச்செறிந்து இடிபோல் பிளிறுகின்றன. பிள்ளைகள் பாலின்றி அழுகிறார்கள். பெண்கள் பூவில்லாத வெறுங்கூந்தலை முடிந்துகொள்கிறார்கள். நல்ல வீடுகளில் தண்ணீருக்குக் கூக்குரல் எழுகிறது. யானைக் கொட்டிலில் தொடங்கி வீட்டு முற்றம் வரை நடந்து பார்த்து எழுதிய வரிசை இது. சண்டையில் பங்கு இல்லாதவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை இதில் தெரிகிறது.

அதன் பிறகே கண்டனம். அறவழி நிற்பவனானால் ‘இது உனது’ என்று சொல்லிக் கதவைத் திற. மறவழி நிற்பவனானால் போரோடு திற. இரண்டும் இல்லாமல் மதிலின் ஒரு பக்கத்தில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்கிறார். இந்தச் சொற்களின் கூர்மைக்குக் குறைவில்லை. ஆனால் நெடுங்கிள்ளிக்கு அவர் இரண்டு வழிகளைத் திறந்து விட்டிருக்கிறார், இரண்டுமே மானமுள்ளவை. விட்டுக்கொடுத்தால் அறவோன், போரிட்டால் மறவோன். நாணத்தை அந்த ஒடுங்கியிருக்கும் செயலோடு கட்டினாரே தவிர அவன் பிறப்போடோ குணத்தோடோ கட்டவில்லை. கண்டிப்பதற்குச் சற்று முன்புகூட, வலிமை மிக்க தலைவனே என்றுதான் விளிக்கிறார். செயலை விட்டால் பழியும் விட்டுப்போகும்படி எழுதிய கண்டனம் இது. குணத்தின்மேல் எழுதிய பழியை எவராலும் கழற்ற முடியாது.

இந்த உரிமை அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு 47ஆம் பாட்டின் குறிப்பில் ஒரு சான்று இருக்கிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடி அவனை விடுவித்தார். ஒரு பாளையத்திலிருந்து வந்தாலே உயிர் போகும் என்ற நிலையில், இரு பக்கமும் காது கொடுத்த குரல் அவருடையது.

மூன்றாவது நிலைமை எல்லாவற்றிலும் கடினம். இழப்பு முழுவதும் ஒருவர் பக்கமே இருக்கும்போது எப்படி எழுதுவது? முதிர மலைத் தலைவன் குமணனின் நாட்டைத் தம்பி இளங்குமணன் எடுத்துக்கொண்டான். குமணன் காட்டில் இருக்கிறான். வறுமையோடு அங்கே போய்ப் பாடிய பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. தன் வாளைக் கொடுத்தான், தன் தலையைக் கொண்டுபோகச் சொல்லி. புலவர் தலையை எடுக்கவில்லை. வாளோடு இளங்குமணன் முன் வந்து நின்று பாடியது 165ஆம் பாட்டு. தம்பி அண்ணன் தலைக்கு விலை வைத்திருந்தான் என்று கதையாகச் சொல்வது உண்டு. பாட்டில் அந்த விலையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

கேட்பவன் நாட்டை எடுத்துக்கொண்டவன். அவன் முகத்துக்கு நேரே ‘நீ பறித்தாய்’ என்ற சொல் எங்கும் இல்லை. நிலையாத உலகில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மறைந்தார்கள், இரப்பவர்க்கு ஈயாத பெருஞ்செல்வர்கள் அந்தப் பழையோரின் தொடர்ச்சியை இழந்தார்கள் என்று பொதுவாகத் தொடங்குகிறார். எந்த வரிசையில் தான் நிற்கிறோம் என்று தேர்ந்துகொள்வது கேட்பவன் வேலை. நாட்டைப் பற்றிய பேச்சு ஒரே இடத்தில், அதுவும் அண்ணன் நெஞ்சின் குரலாக வருகிறது: பாடிய பரிசிலன் வாடித் திரும்புவது, நான் நாட்டை இழந்ததைவிடக் கொடியது. இழந்தது என்று மட்டுமே இருக்கிறது, யாரிடம் என்று இல்லை. அண்ணன் புகார் சொல்லவில்லை என்பதை, புகார் இல்லாத அந்த வாக்கியமே காட்டிவிடுகிறது. உண்மை எதையும் புலவர் மறைக்கவில்லை; நாடு போனது, தலை கொடுக்க வாள் வந்தது என்ற இரண்டும் அங்கே இருக்கின்றன. பழியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

கடைசி அடியில் குமணனை அவர் சுட்டும் விதத்தில் நெஞ்சு நின்றுவிடுகிறது. வெற்றி நிறைந்த மகிழ்ச்சியோடு வருகிறேன், புறங்காட்டாத உன் உரிமையுடையவனைக் கண்டு என்கிறார். காட்டில் இருக்கும் அரசன், நாடிழந்தவன், குமணன் என்று எதுவும் சொல்லவில்லை. உன்னைச் சேர்ந்தவன், உனக்கு உரியவன் என்கிறார். நாட்டின் உரிமைக்காகப் பிரிந்தவர்களிடம், ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமை அப்படியே இருக்கிறது என்று சொல்லி முடிக்கிறார். அண்ணன் கொடையின் பெருமையும் அந்த ஓர் அடையால் தம்பிக்குச் சொந்தமாகிவிடுகிறது. இவனை வெட்கப்படுத்தும் பாட்டு, இவன் பெருமைப்படவும் இடம் கொடுக்கிறது.

இந்தப் பாட்டுகள் சண்டையை நிறுத்தின என்று சொல்லிவிட முடியாது. 47ஆம் பாட்டின் குறிப்பு நெடுங்கிள்ளியைக் காரியாற்றில் இறந்தவன் என்ற அடையோடுதான் அழைக்கிறது. எழுத்தின் கையில் இருப்பது அளவானது. இருவர் செயலுக்கும் ஒரே வினையைக் கொடுக்கலாம். கண்டிக்கும்போது மானமுள்ள வழி ஒன்றைத் திறந்து வைக்கலாம். இழந்தவர் பக்கம் நின்று எழுதும்போதும், எடுத்தவரை அவருடைய உறவாகவே குறிப்பிடலாம். இந்த மூன்றையும் காத்து எழுதிய பக்கத்தை அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்க முடியும். உடன்பிறந்தார் வழக்கை எழுதுகிறவர், எழுதியதை வெளியே விடுமுன் வைத்துப் பார்க்க வேண்டிய சோதனை அதுதான்.