முள் அசையும் கணம்: மீக்கடத்தியை அடையாளம் காட்டிய இரண்டு உரைகற்கள்

மீக்கடத்தி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மின்தடை சுழியாவதுதான். பள்ளிப் பாடநூல்களும் அங்கேதான் தொடங்குகின்றன. அதில் பிழை இல்லை. ஆனால் தடை சுழியாகிவிட்டது என்று மட்டும் காட்டினால், ஒரு பொருள் மீக்கடத்தி என்று நிறுவியதாகாது. இதைக் கண்டுகொள்ள இயற்பியலுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் இரண்டு ஆய்வுக்கூட மரபுகள் தத்தமக்கென ஓர் உரைகல்லை வைத்துக்கொண்டன. ஒன்று லெய்டனுடையது, மற்றது பெர்லினுடையது. இன்றும் புதிதாக ஒரு மீக்கடத்தி கிடைத்தது என்று யாராவது அறிவித்தால், இரண்டு கற்களிலும் உரசிப் பார்த்த பிறகே துறை ஏற்றுக்கொள்கிறது.

லெய்டனின் கல் மூத்தது. ஹைக் காமர்லிங் ஆன்னஸ் 1908 ஜூலையில் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்கு அந்த அளவு குளிரை எட்டக்கூடிய இடம் உலகில் லெய்டன் ஒன்றே. 1911 ஏப்ரலில் அவரும் அவருடைய குழுவினரும் கண்ணாடி நுண்குழாயில் உறைந்த பாதரசத்தின் தடையை அளந்தார்கள். ஏறத்தாழ 4.2 கெல்வினில் அது சட்டென்று அளவிட முடியாத சிறுமைக்கு விழுந்தது. ஆனால் அளக்க முடியாத சிறுமை வேறு, சுழி வேறு. அதனால் 1914-இல் அவர் இன்னும் நுட்பமான வழிக்குப் போனார். ஈயக் கம்பிச் சுருளைக் காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்து, புலத்தை எடுத்தார். சுருளில் தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்கலம் எதுவும் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்த திசைகாட்டியின் முள் விலகியபடியே நின்றது. தடையை அளப்பதை விட்டு, மின்னோட்டம் தேய்கிறதா என்று காத்திருந்து பார்ப்பதே லெய்டனின் உரைகல். 1963-இல் இதே சோதனையைக் கூர்மையாக்கிச் செய்தபோது, அந்த ஓட்டம் தேய ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேலாகும் என்று கணக்கு வந்தது.

இவ்வளவும் கையில் இருந்தால் எந்தக் கோட்பாட்டாளருக்கும் ஒரு படம் மனதில் எழும். உலோகத்தில் எலெக்ட்ரான்களை இடறும் உராய்வு முற்றாக நீங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கற்பனைப் பொருளுக்கு முழுமைக் கடத்தி என்று பெயர் வைப்போம். 1933 வரை மீக்கடத்தி என்றால் முழுமைக் கடத்திதான் என்று எல்லோரும் எண்ணினார்கள். வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு கோலையும் ஒரு கம்பிச் சுருளையும் கொண்டு பார்த்துவிடலாம்.

ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள நீண்ட தூய ஈயக் கோல். அதன் நடுவில் மெல்லிய கம்பியை நூறு சுற்று இறுக்கமாகச் சுற்றி, இரு முனைகளையும் கால்வனோமீட்டரில் இணைத்திருக்கிறோம். சுருளுக்குள் செல்லும் காந்தப் பாயம் மாறினால்தான் முள் அசையும். கோலின் நீளவாட்டில் 0.01 டெஸ்லா புலத்தை ஏற்படுத்திவிட்டு, மெல்லக் குளிர்விக்கிறோம். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலை 7.2 கெல்வின். புலம் இருப்பதால் மாற்றம் சற்றுக் கீழே, 6.7 கெல்வின் அளவில் நிகழும். நன்றாகக் குளிர்ந்த பின் புலத்தை நிறுத்துகிறோம். ஆக, கவனிக்க வேண்டிய கணங்கள் இரண்டு: குளிரும்போது ஒன்று, புலத்தை நிறுத்தும்போது ஒன்று.

கோல் சாதாரணச் செம்பாக இருந்தால், குளிரும்போது முள் சும்மா இருக்கும். செம்பைப் பொறுத்தவரை புலம் முன்பும் உள்ளே இருந்தது, இப்போதும் இருக்கிறது. புலத்தை நிறுத்தும்போது பாயம் வெளியேறுகிறது, முள் துள்ளும்.

கோல் முழுமைக் கடத்தியாக இருந்தால் இரண்டு கணத்திலும் முள் அசையாது. தடை இல்லாத பொருளுக்குள் மின்புலம் நிலைக்க முடியாது. மின்புலம் இல்லையென்றால், ஃபாரடே விதிப்படி உள்ளிருக்கும் காந்தப்புலம் காலத்தோடு மாற முடியாது. தடை சுழியாகும் நொடியில் புலம் எதுவோ, அதுவே உள்ளே உறைந்துவிடும். வெளிப்புலத்தை நிறுத்தினால் கோலின் மேற்பரப்பில் தூண்டப்பட்ட மின்னோட்டம் பழைய 0.01 டெஸ்லாவைக் காத்து நிற்கும். கோல் ஒரு காந்தமாகிவிடும்.

உண்மையான ஈயம் இந்த இரண்டையும் போல நடப்பதில்லை. குளிர்ந்துகொண்டிருக்கும்போதே, வெளியில் நாம் எதையும் தொடாதபோதே, 6.7 கெல்வினைக் கடக்கையில் முள் துள்ளுகிறது. உள்ளிருந்த பாயத்தைக் கோல் தானாக வெளியே தள்ளிவிட்டது. பிறகு புலத்தை நிறுத்தும்போது முள் அசைவதில்லை. உள்ளேதான் ஒன்றும் இல்லையே. கோல் காந்தமாகவும் ஆவதில்லை.

முழுமைக் கடத்திக்குத் தன் வரலாறு நினைவிருக்கும். புலத்தில் வைத்துக் குளிர்வித்தால் ஒரு முடிவு, குளிர்வித்த பின் புலத்தில் வைத்தால் வேறொரு முடிவு. மீக்கடத்திக்கு அந்த நினைவு இல்லை. வெப்பநிலையும் புலமும் இன்னது என்றால் உள்ளே புலம் சுழி. எந்த வழியாக அங்கே வந்தாய் என்று அது கேட்பதில்லை. அதனால்தான் அதை நீர், பனிக்கட்டி போல ஒரு தனி வெப்பவியல் நிலை என்று சொல்ல முடிகிறது. இயற்பியலாளர்களான கோர்ட்டரும் காசிமிரும் 1934-இல் அந்தப் பாதையைத்தான் எடுத்தார்கள். பாயத்தைத் தள்ள ஆற்றல் செலவாகிறது. மீக்கடத்து நிலைக்கு மாறுவதில் கிடைக்கும் ஆதாயம் அந்தச் செலவைத் தாங்கும் வரையில்தான் தள்ளல் நடக்கும். ஈயத்தில் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அந்த எல்லை ஏறத்தாழ 0.08 டெஸ்லா. அதிலிருந்து ஆதாயத்தைக் கணக்கிட்டால் கன மீட்டருக்குச் சுமார் 2,500 ஜூல். ஓர் உலோகத்தின் நிலைமாற்றத்துக்கு இது வியப்பூட்டும் அளவு சிறியது.

இந்த முள்ளசைவை முதலில் கண்டவர்கள் பெர்லினில், சார்லோட்டன்பர்க்கில் இருந்த அளவை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்தர் மைஸ்னரும் ராபர்ட் ஆக்சன்ஃபெல்டும். மாக்ஸ் ஃபான் லாவ தூண்டிய கேள்வியிலிருந்துதான் வேலை தொடங்கியது. ஒற்றைப் படிக வெள்ளீய உருளைகள் இரண்டை இணையாக வைத்து, இடையில் சிறு சுருள் ஒன்றைப் புகுத்தி அங்குள்ள புலத்தை அளந்தார்கள். வெள்ளீயத்தின் மாறுநிலை வெப்பநிலையான 3.7 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும் இடைவெளியில் புலம் கூடியது. இரு உருளைகளும் வெளியே தள்ளிய காந்தக் கோடுகள் நடுவே நெருங்கிக்கொண்டன. 1933-இன் இறுதியில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை மிகக் குறுகியது. நான் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திய காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கூடிய அளவீட்டில்தான் அதிக நேரம் நின்றேன். பொருளுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபோது, வெளியே எங்கே நெரிசல் என்று பார்ப்பது நேர்த்தியான உத்தி.

லெய்டன் ஏன் இதைத் தவறவிட்டது? அவர்கள் உள்ளே குழிந்த ஈயக் கோளத்தைச் சோதித்திருந்தார்கள். பாயம் அகப்பட்டு நின்றது. முழுமைக் கடத்தி என்ற எண்ணம் உறுதிப்பட்டது. ஆனால் தள்ளல் நடப்பது உலோகத்துக்குள்தான். நடுவில் உள்ள குழிக்குள் ஏற்கெனவே இருக்கும் பாயம், சுற்றிலும் மீக்கடத்தி மூடிக்கொண்டால் வெளியேற வழியில்லாமல் சிக்கிவிடும். பெர்லின் குழுவும் ஈயக் குழாயொன்றை வைத்துப் பார்த்தது. வெளியே புலம் மாறியது, குழாயின் உள்ளே ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆக, லெய்டன் கண்டது பொய்யில்லை. மாதிரியின் வடிவம் அவர்களை ஏமாற்றிவிட்டது.

நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டில் அடைக்கலம் புகுந்த ஃபிரிட்ஸ், ஹைன்ஸ் லண்டன் சகோதரர்கள் 1935-இல் இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். முழுமைக் கடத்தியின் விதி, புலத்தின் மாற்றத்தை மின்னோட்டத்தின் மாற்றத்தோடு இணைக்கிறது. அவர்கள் புலத்தையே மின்னோட்டத்தோடு நேராக இணைத்தார்கள். அதன்படி புலம் மேற்பரப்பில் மெல்லிய தோல் அளவே நுழையும். ஈயத்தில் அந்த ஆழம் சுமார் 40 நானோமீட்டர். நம் கோலில் 0.01 டெஸ்லாவைத் தடுத்து நிறுத்த, நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 80 ஆம்பியர் இந்தத் தோலுக்குள் கோலைச் சுற்றி ஓட வேண்டும். யாரும் செலுத்தாத ஓட்டம் அது; அந்த நிலைக்கே உரியது.

பெர்லினின் கல் வந்ததும் லெய்டனின் கல் செல்லாக்காசாகிவிட்டதா என்றால், இல்லை. இதைக் காட்டியது கார்க்கிவ். அங்கே லெவ் ஷுப்னிகோவ் 1930-களில் ஈயக் கலவைகளை நுட்பமாக வளர்த்து அளந்தார். அவற்றில் பாயம் ஓர் எல்லை வரை முற்றிலும் விலகி நின்றது. அதற்கு மேல் சிறிது சிறிதாக உள்ளே புகுந்தது. அப்போதும் மீக்கடத்து நிலை அழியவில்லை. 1937-இல் ஸ்டாலின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. 1957-இல் அப்ரிகோசோவ் விளக்கம் தந்தார். பாயம் நுண்ணிய சுழல் இழைகளாக நுழைகிறது, ஒவ்வோர் இழையும் ஒரே அளவு, ஒரு வெபரில் நூறு கோடி கோடியில் இருபது பங்கு என்ற கணக்கில் சுமக்கிறது. இங்கேதான் இரண்டு கற்களும் எதிரெதிரே நிற்கின்றன. மின்னோட்டம் செலுத்தினால் இழைகள் நகரும். நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். தடை சுழி என்பது போய்விடும். கலவையில் உள்ள குறைகளில் இழைகளைத் தைத்து வைத்தால் தடை மீண்டும் சுழி. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் நையோபியம்-டைட்டானியம் சுருள் இந்தத் தையலை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் தைக்கப்பட்ட இழைகள், புலத்தில் குளிர்விக்கும்போது வெளியேற முடியாமல் நின்றுவிடுவதால் பெர்லின் சோதனையில் தேர்ச்சி குறைகிறது. ஒரு கல்லில் மிளிர வைக்கும் குணமே மறு கல்லில் மங்க வைக்கிறது.

ஆகவே இன்றைய ஆய்வுக்கூடத்தில் காந்த அளவீடு இரண்டு முறை நடக்கும். முதலில் புலமின்றிக் குளிர்வித்து, பின் சிறு புலம் கொடுத்துச் சூடாக்குவார்கள். இதில் முழு விலக்கம் தெரிந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் முழுமைக் கடத்தியும் அதையே காட்டும். அடுத்து புலத்திலேயே குளிர்விப்பார்கள். வளைகோடு இதிலும் கீழே இறங்கினால்தான் மைஸ்னர் விளைவு. பீங்கான் மீக்கடத்திகளில் இந்த இறக்கம் முழு அளவில் சிறு பங்கே இருப்பதுண்டு. அது தையலாலா, மாதிரியில் சிறு பகுதி மட்டுமே மீக்கடத்தி என்பதாலா என்று பிரிப்பது அனுபவம் கேட்கும் வேலை.

2023 ஜூலையில் தென் கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளை அறைவெப்பநிலை மீக்கடத்தி என்று அறிவித்தது. தடை திடீரென்று விழும் வரைபடமும், காந்தத்தின் மேல் ஓர் ஓரம் தொட்டபடி மறு ஓரம் எழுந்து நிற்கும் துண்டின் படமும் உலகைச் சுற்றின. பார்க்க இரண்டு கற்களிலும் உரசியது போலத்தான் இருந்தது. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். தடை வீழ்ச்சிக்குக் காரணம் கலந்திருந்த செப்பு சல்பைடு: ஏறத்தாழ 104 டிகிரி செல்சியசில் அதன் படிக அமைப்பு மாறுகிறது, தடை குறைகிறது, சுழியாவதில்லை. பாதி மிதப்புக்கு இரும்பைப் போன்ற சாதாரணக் காந்தத்தன்மை போதும். ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அந்த சல்பைடு கலக்காமல் வளர்த்த தூய படிகங்கள் ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவக்கூடியவையாக இருந்தன. அவற்றின் மின்தடை பல பத்து லட்சம் ஓம்.