மங்கில் விழும் துளி

பகாவ் தோட்டத்துப் பால்மரவெட்டை விளக்கும் அசைபடத்துக்கு நல்ல காட்சிக் குறிப்பு எப்படி இருக்கும்? பால் வடியும் ஒரு காட்சியை மட்டும் பார்ப்போம்.

"6 விநாடி. தட்டையான வரைகலை. பின்னணி கருநீலம், பட்டை பழுப்பு, பால் வெள்ளை." கருநீலம் வெறும் அழகுக்கு அல்ல. வெளிர் பின்னணியில் வெள்ளைப் பால் தெரியாது. மரம் வெட்டுவதும் விடியலுக்கு முன்புதானே!

அடுத்த வரி எனக்கு மிகவும் பிடித்தது: "வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியட்டும், படத்தைக் கண்ணாடிபோல் திருப்பாதீர்." பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். திருப்பிப் போட்டால் படம் அழகாகவே இருக்கும், ஆனால் தொழில் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த காட்சிக்கு மாறுவதற்கு, துளி மங்கில் விழுந்து அதன் வட்ட விளிம்பாக விரிகிறது. விநாடிக்கு 25 சட்டகம் என்றால் இதற்கு 12 போதும். 6 விநாடிக்குள் நிதானமாகப் பேச ஏறக்குறைய 12 தமிழ்ச் சொற்களே அடங்கும். வசனம் நீண்டால் வசனத்தைக் குறையுங்கள், துளியை விரட்டாதீர்கள்.